வந்தால், வந்தாலும், வந்ததால்



வேலை முடிந்து வீடு திரும்பியிருக்கும் பெற்றோர்களும், புத்தகப் பையை இன்னும் அவிழ்க்காத மாணவர்களும் சேர்ந்து கேட்கும்படியாக இன்று ஒரு சிறு இலக்கணச் செய்தியைச் சொல்ல வந்திருக்கிறேன். இலக்கணம் என்றதும் வானொலியை மூடிவிடாதீர்கள். ஒரு கடிதத்தைப் பற்றித்தான் முதலில் பேசப்போகிறேன்.

நான் தோட்டப் பள்ளியில் 4-ஆம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் லயத்தில் கடிதம் வாசிக்கும் வேலை என்னுடையதாக இருந்தது. யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாசித்து முடித்தால் ஒரு துண்டு வெல்லமோ, ஐந்து காசோ கிடைக்கும். அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் மகன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவரிடமிருந்து கடிதம் வந்தது. நலம் நலமறிய ஆவல் எல்லாம் வாசித்து முடித்துக் கடைசி வரிக்கு வந்தேன். "லீவு கிடைத்ததால் தீபாவளிக்கு வருகிறேன்" என்று சத்தமாக வாசித்தேன். பெரியம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. அன்றைக்கு எனக்குப் பத்துக் காசு.

பெரியம்மா மாவு இடித்தார், முறுக்குச் சுட்டார், மகனுக்கென்று கடன் சொல்லி ஒரு சட்டைத் துணியும் எடுத்து வைத்தார். தீபாவளிக்கு முதல் நாள் சாலையோரம் பேருந்து நிற்கும் இடத்தில் மாலை தொடங்கி இரவு கடைசி வண்டி போகும்வரை நின்றார். மகன் வரவில்லை. பெரியம்மா ஏதோ விபத்து நேர்ந்துவிட்டது என்றே நம்பி அழ ஆரம்பித்துவிட்டார். மறுநாள் காலை தோட்டத்துக் கிராணியார் அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடிதத்தில் இருந்தது, "லீவு கிடைத்தால் தீபாவளிக்கு வருகிறேன்" என்பது.

கிடைத்தால், கிடைத்ததால். நடுவில் ஒரே ஒரு 'த'. அதை நானாகச் சேர்த்து வாசித்துவிட்டேன். லீவு கிடைத்தால் என்றால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்ததால் என்றால் கிடைத்தாயிற்று. அதுதான் வருவதற்குக் காரணம். அந்த ஓர் எழுத்தை வைத்துத்தான் பெரியம்மா சட்டைத் துணி எடுத்தார்.

பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை. இன்று அந்த 'ஆல்' என்னும் சிறு துண்டையும், அதோடு 'உம்' சேர்ந்து வரும் 'ஆலும்' என்பதையும் ஒரு வாக்கியத்தில் எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று பார்ப்போம்.

முதலில் 'வந்தால்' என்ற சொல் எப்படி உண்டாகிறது? பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி இதுதான். 'அவன்' என்று தொடங்கி, நேற்று நடந்ததைப் போல ஒரு வினையைச் சொல்லுங்கள். அவன் வந்தான். அந்த 'வந்தான்' என்பதில் கடைசி 'ன்' போய் 'ல்' வந்தால் 'வந்தால்'. செய்தான், செய்தால். போனான், போனால். கேட்டான், கேட்டால். வெட்டினான், வெட்டினால். சொன்னான், சொன்னால். எந்த வினையை எடுத்தாலும் இந்த வழி தவறாது. ஆகவே 'வருவால்' என்றோ 'வருகிறால்' என்றோ தமிழில் சொல் கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சொல்லின் உருவம் நேற்று நடந்ததைப் போல இருக்கிறது. ஆனால் பொருளோ இனி நடக்கப்போவதைப் பற்றியது. "நாளைக்கு மழை பெய்தால்" என்கிறோம். நாளைக்கு என்பதும் பெய்த் என்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினாலும் நம் காதுக்கு அது உறுத்துவதில்லை. ஏனென்றால் 'பெய்தால்' என்ற சொல் காலத்தைச் சொல்ல வரவில்லை. ஒரு நிபந்தனையைச் சொல்ல வந்திருக்கிறது. இது நடந்து முடிந்தது என்று வைத்துக்கொள், பிறகு அது நடக்கும் என்பதுதான் அதன் வேலை. நன்னூல் போன்ற இலக்கண நூல்கள் இதே பொருள் தரும் 'செயின்' என்ற பழைய உருவத்தை எதிர்காலம் காட்டும் வினையெச்சங்களோடு சேர்த்து வைத்திருக்கின்றன. வினையெச்சம் என்றால் முடியாமல் நின்று, வேறொரு வினையைத் தேடிப் போகும் சொல். "மழை பெய்தால்..." என்று சொல்லி நிறுத்திவிட்டால் கேட்பவர், "பெய்தால் என்ன?" என்று கேட்பார் அல்லவா? அந்தக் கேள்வி எழுகிறதே, அதுதான் எச்சத்தின் அடையாளம்.

இன்னோர் அடையாளமும் உண்டு. நான் வந்தால், நீ வந்தால், அக்காள் வந்தால், துரை வந்தால், மாடு வந்தால் என்று ஆள் மாறினாலும் சொல் மாறுவதில்லை. நான் வந்தேன், நீ வந்தாய், மாடு வந்தது என்று மாறுவது போல இது மாறாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் நம் பிள்ளைகள் மிகுதியாகச் செய்யும் ஒரு பிழையைத் தவிர்க்கலாம்.

அது என்ன பிழை? "அக்காள் வந்தாள் என்னிடம் சொல்" என்று எழுதுகிறார்கள். எழுத வேண்டியது, "அக்காள் வந்தால் என்னிடம் சொல்" என்பது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுரைப் பயிற்சிகளைத் திருத்திவருகிறேன். இந்தப் பிழை இல்லாத வாரமே இல்லை. பிள்ளைகளுக்குக் கவனம் போதாது என்று நான் முன்பெல்லாம் கோபித்துக்கொள்வேன். பிறகுதான் காரணம் விளங்கியது. வீட்டில் நாம் எப்படிப் பேசுகிறோம்? "அக்கா வந்தா" என்கிறோம். அதற்கு அக்காள் வந்துவிட்டாள் என்று பொருள். "அக்கா வந்தா சொல்லு" என்கிறோம்; அதற்கு அக்காள் வந்தால் சொல் என்று பொருள். பேச்சில் 'ள்' என்பதும் போய்விடுகிறது, 'ல்' என்பதும் போய்விடுகிறது. இரண்டும் 'வந்தா' என்று ஒரே ஒலியாகிவிடுகின்றன. பிள்ளை பேனாவை எடுக்கும்போது, விட்டுப்போன எழுத்தை அதுவாகவே தேடிப் போட வேண்டியிருக்கிறது. ஐயப்பட்ட இடத்தில் அதற்குத் தெரிந்த ஒன்றைப் போட்டுவிடுகிறது. இது கவனக்குறைவு அன்று; பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் உள்ள பள்ளம்.

அந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒரு வழி சொல்கிறேன். பெற்றோர்களும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். இதற்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஐயம் வரும் வாக்கியத்தில் அக்காளை எடுத்துவிட்டு அண்ணனைப் போட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "அண்ணன் வந்தா சொல்லு." சொல் மாறவில்லை. ஆகவே அது 'வந்தால்'. சிறிய 'ல்' போட வேண்டும். இப்போது மற்ற வாக்கியம். "அக்கா நேத்து வந்தா." அண்ணனைப் போட்டால், "அண்ணன் நேத்து வந்தான்." சொல் மாறிவிட்டது. ஆகவே அது 'வந்தாள்'. பெரிய 'ள்' போட வேண்டும். ஆள் மாறும்போது சொல்லும் மாறினால் 'ள்', மாறாமல் நின்றால் 'ல்'.

இனி, நான் தவறி விழுந்த இடத்திற்கு வருவோம். 'கிடைத்தால்' என்பதிலும் 'ஆல்' இருக்கிறது, 'கிடைத்ததால்' என்பதிலும் 'ஆல்' இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. "கத்தியால் வெட்டினான்", "மழையால் பால் கெட்டது" என்று சொல்கிறோமே, அங்கே 'ஆல்' ஒரு பெயர்ச்சொல்லின்மேல் ஏறி நிற்கிறது. அது மூன்றாம் வேற்றுமை உருபு. கருவியையோ காரணத்தையோ காட்டும். 'கிடைத்ததால்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். கிடைத்தது என்பதோடு ஆல். 'கிடைத்தது' என்பது இங்கே ஒரு செயலின் பெயராக நிற்கிறது. லீவு கிடைத்தது என்னும் அந்தச் செய்தியால், அதன் காரணமாக, என்று பொருள். மழையால் என்பதும் மழை பெய்ததால் என்பதும் ஒரே வகை. ஆனால் 'கிடைத்தால்' என்பதில் 'ஆல்' வினையின் உள்ளேயே, காலத்தைக் காட்டும் எழுத்தையடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பெயரின்மேல் ஏறவில்லை. அதனால்தான் காரணம் சொல்லாமல் நிபந்தனை சொல்கிறது.

இவற்றை வேறுபடுத்த வாக்கியத்தின் முன்னால் 'ஒருவேளை' என்ற சொல்லைப் போட்டுப் பார்க்கலாம். "ஒருவேளை லீவு கிடைத்தால் வருகிறேன்." பொருந்துகிறது. "ஒருவேளை லீவு கிடைத்ததால் வருகிறேன்." பொருந்தவில்லை, கேட்கும்போதே நெருடுகிறது. எதிர்மறையிலும் இதே கதைதான். "அவன் வராவிட்டால் நான் போவேன்" என்பது நிபந்தனை. "அவன் வராததால் நான் போனேன்" என்பது காரணம். பேச்சில் 'வராட்டி', 'வரலேன்னா' என்கிறோமே, அவை இரண்டும் வராவிட்டால் என்பதன் பக்கம்தான்.

பெரியம்மாவின் கதையில் இன்னும் இரண்டு கடிதங்கள் பாக்கி இருக்கின்றன. தீபாவளி கழிந்து பத்து நாளில் இரண்டாவது கடிதம் வந்தது. இம்முறை என்னைக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். பெரியம்மா கூப்பிட்டார். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அதில் அண்ணன் எழுதியிருந்தார், "லீவு கிடைத்திருந்தால் வந்திருப்பேன், அம்மா."

கிடைத்தால் என்பதற்கும் கிடைத்திருந்தால் என்பதற்கும் என்ன வேறுபாடு? முன்பு சொன்னேன் அல்லவா, 'கிடைத்தால்' என்பதன் உருவம் இறந்தகாலமாக இருந்தாலும் அது கழிந்துபோன காலத்தைக் காட்டுவதில்லை என்று. அப்படியானால் உண்மையிலேயே கழிந்துபோன ஒன்றைப் பற்றி 'அப்படி நடந்திருக்கக் கூடாதா' என்று சொல்ல வேண்டுமானால் என்ன செய்வது? அதற்காகத்தான் நடுவில் 'இரு' என்ற வினையைச் சேர்த்துக் 'கிடைத்திருந்தால்' என்கிறோம். பெரும்பாலும் இந்த உருவத்தைக் கேட்ட உடனே, அது நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே அறிந்துகொள்கிறோம். "நேற்றே சொல்லியிருந்தால்" என்றால் சொல்லவில்லை. "மழை பெய்யாமல் இருந்திருந்தால்" என்றால் பெய்துவிட்டது. வாக்கியத்தின் முடிவிலும் 'வந்திருப்பேன்', 'நடந்திருக்கும்' என்று இன்னோர் 'இரு' வந்து துணை நிற்கும். அந்த இரண்டு 'இரு'க்களையும் கண்டால் நடக்காமல் போன ஒன்றைப் பற்றிய பேச்சு என்று கொள்ளலாம்.

இப்போது 'உம்' சேர்ந்த உருவத்திற்கு வருவோம். மழை பெய்தால் வெட்டு இல்லை. இது எல்லோரும் எதிர்பார்ப்பது. மரப்பட்டை நனைந்திருக்கும்போது பால் கோட்டில் ஓடாமல் பட்டையில் பரந்து வழிந்துவிடும். மங்கில் விழுந்த பாலிலும் மழைநீர் கலந்துவிடும். ஆகவே மழை என்ற நிபந்தனையும், வெட்டு இல்லை என்ற முடிவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. "மழை பெய்தாலும் பிரட்டு உண்டு" என்று சொன்னால்? மழை பெய்தால் பிரட்டு இருக்காது என்று நாம் எதிர்பார்க்கலாம். அந்த எதிர்பார்ப்பை மறுத்து, அந்த நிலையிலுங்கூட உண்டு என்கிறது வாக்கியம். 'உம்' என்பதற்கு 'அதையும் சேர்த்து' என்பதே அடிப்படைப் பொருள். நானும் வருவேன் என்றால் மற்றவர்களோடு என்னையும் சேர்த்து. பெய்தாலும் என்றால், பெய்யாத நாளோடு பெய்யும் நாளையும் சேர்த்து. அவ்வளவுதான். பெய்யாத நாளில் பிரட்டு உண்டு என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது அந்த 'உம்'.

பிள்ளைகளை இங்கே ஓர் இடத்தில் எச்சரிப்பேன். 'பெய்தாலும்' என்பதையும் 'பெய்தும்' என்பதையும் ஒன்றென்று எண்ணக்கூடாது. "மருந்து குடித்தும் காய்ச்சல் விடவில்லை" என்றால் மருந்து குடித்தாயிற்று. அது நடந்த செய்தி. "மருந்து குடித்தாலும் காய்ச்சல் விடாது" என்றால் இன்னும் குடிக்கவில்லை. குடித்தாலும் பயனில்லை என்று ஒருவர் நினைக்கிறார். தோட்ட மருத்துவமனையில் டிரசரிடம் பிள்ளையின் நிலையைச் சொல்லும்போது முதலாவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டாவதைச் சொன்னால், இவர் மருந்து கொடுக்கவே இல்லை போலும் என்று அவர் நினைத்துக்கொள்ளக்கூடும். பேச்சில் நாம் இவ்விரண்டையும் சில சமயம் கலந்துவிடுகிறோம் என்பது உண்மை. "எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை" என்கிறோம். அங்கே சொன்னது நடந்த செய்திதான். ஆனால் அங்கே 'எவ்வளவு' என்ற வினாச்சொல் இருப்பதைக் கவனியுங்கள்.

அந்த வினாச்சொல் வந்துவிட்டால் 'ஆலும்' தன் போக்கைச் சற்று மாற்றிக்கொள்கிறது. யார் வந்தாலும், எங்கே போனாலும், எப்போது கேட்டாலும், என்ன ஆனாலும். இங்கே எதிர்பார்ப்புக்கு மாறானது என்ற பொருள் குறைந்து, ஒன்றுவிடாமல் எல்லாம் என்ற பொருள் மேலோங்குகிறது. யார் வந்தாலும் என்றால், வருகிறவர்கள் அத்தனை பேரும். அதுவும் 'உம்' என்பதன் சேர்க்கும் வேலைதான். ஒருவரைச் சேர்க்காமல் எல்லாரையும் சேர்த்துவிடுகிறது. "வந்தாலும் வராவிட்டாலும்" என்று இரண்டை அடுக்கினால் இரு பக்கமும் சேர்ந்துவிடும்.

இவற்றோடு சேராத ஒரு வாக்கியம் உண்டு. "மாமா இன்றைக்கு வந்தாலும் வருவார்." என் மாணவன் ஒருவன் ஒரு முறை கேட்டான், "சார், இதில் மாறான செய்தி எங்கே இருக்கிறது?" என்று. நல்ல கேள்வி. ஒரே வினை இரண்டு முறை வந்து, முன்னது 'ஆலும்' என்று நின்றால், அதற்கு 'வரக்கூடும், உறுதியில்லை' என்றுதான் பொருள். எதிர்பார்ப்பை மறுப்பது அன்று. இப்படிப்பட்ட வாக்கியத்தைத் தேர்வில் கொடுத்தால் உருவத்தை மட்டும் பார்த்து விடை எழுதிவிடக் கூடாது. வினை திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

'ஆனால்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனான் என்பதிலிருந்து வந்த 'ஆனால்' என்பதும் பிறப்பால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். "மணி ஆறானால் சங்கு ஊதும்" என்ற வாக்கியத்தில் அது இன்னும் நிபந்தனையாகவே இருக்கிறது. "வந்தான், ஆனால் உட்காரவில்லை" என்ற வாக்கியத்திலோ அது இரண்டு வாக்கியங்களை இணைக்கும் சொல்லாகிவிட்டது. ஆனாலும், இருந்தாலும், என்றாலும் ஆகியவையும் அப்படியே. நிபந்தனைச் சொல்லுக்கு அடிக்கோடிடு என்று கேட்டால், வாக்கியத் தொடக்கத்தில் தனியே நிற்கும் 'ஆனால்' என்பதற்கு அடிக்கோடிட வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததை ஓர் அறிவிப்பில் தேடிப் பார்ப்போம். பிரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டுவதைப் போல நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். மெதுவாக வாசிக்கிறேன், பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள்.

"நேற்று மழை பெய்ததால் விடுபட்ட நிரைகளை நாளை முதலில் வெட்ட வேண்டும். நாளை காலை மழை பெய்தாலும் எல்லோரும் பிரட்டுக்கு வர வேண்டும். 9 மணிக்குள் மழை விட்டால் வெட்டு உண்டு. 9 மணிக்குப் பிறகு விட்டாலும் வெட்டு இல்லை. வர முடியாதவர் யாராக இருந்தாலும் இன்றே மண்டோரிடம் சொல்ல வேண்டும். தவறின் அன்றைய நாள் விடுப்பாகக் கொள்ளப்படமாட்டாது."

முதல் வாக்கியத்தில் 'பெய்ததால்'. 'ஒருவேளை' பொருந்தாது, பெய்தது என்பதன்மேல் ஆல் ஏறியிருக்கிறது. ஆகவே காரணம். மழை பெய்துவிட்டது, அதில் ஐயமில்லை. இரண்டாவதில் 'பெய்தாலும்'. மழை பெய்யுமோ பெய்யாதோ தெரியாது. பெய்தால் வர வேண்டாம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளலாம், அதை மறுக்கிறது. யாரேனும் இந்த 'உம்' என்பதைப் பார்க்காமல் "மழை பெய்தால் எல்லோரும் பிரட்டுக்கு வர வேண்டும்" என்று வாசித்துச் சொன்னால் என்ன ஆகும்? மழை இல்லாத நாளைப் பற்றி அறிவிப்பு ஒன்றுமே சொல்லவில்லை என்று ஆகிவிடும்.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. 'விட்டால்', 'விட்டாலும்'. வினை ஒன்றுதான், மழை விடுவது. 9 மணிக்குள் விடுவது வெட்டுக்கு ஏற்ற நிலை; எனவே 'விட்டால் உண்டு' என்று இரண்டும் ஒரே திசையில் போகின்றன. அதற்குப் பிறகு விட்டால்? மழைதான் விட்டுவிட்டதே, வெட்டலாமே என்று தோன்றும். ஆனால் வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பது வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோன்றியதை மறுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே 'விட்டாலும் இல்லை'. இங்கே ஒரு குறிப்பைக் கண்டுகொள்ளலாம். 'ஆல்' வரும் வாக்கியத்தில் முன்பாதி பின்பாதிக்கு வழி திறக்கும். 'ஆலும்' வரும் வாக்கியத்தில் முன்பாதி திறக்கப் பார்க்கும் வழியைப் பின்பாதி அடைத்துவிடும். அல்லது முன்பாதி அடைக்கப் பார்க்கும் வழியைப் பின்பாதி திறந்துவிடும்.

ஐந்தாவதில் 'யாராக இருந்தாலும்'. வினாச்சொல் இருக்கிறது, எல்லோரும் என்று பொருள். கடைசி வாக்கியத்தில் 'தவறின்' என்று ஒன்று வந்ததே, அதில் 'ஆல்' இல்லையே என்று கேட்பீர்கள். அது பழைய உருவம். தவறினால் என்பதும் தவறின் என்பதும் ஒன்றே. வரின், செய்யின், இருப்பின், வராவிடின் என்றெல்லாம் பழைய நூல்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் வரும். 'உம்' சேர்த்தால் வரினும், இருப்பினும். யாரும் வீட்டில் இப்படிப் பேசுவதில்லை. ஆகவே அலுவலகத் தாள் ஒன்றில் கையெழுத்து வைக்கும் முன் இந்த 'இன்' எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை 'ஆல்' ஆக மாற்றி ஒரு முறை வாசித்துப் பாருங்கள். நிபந்தனைகள் அதிகமாக அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. ஆனால் 'வீட்டின் கூரை', 'மரத்தின் கிளை' என்று பெயரோடு வரும் 'இன்' வேறு. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். இன்றிரவு வீட்டில் பெரியவர்கள் பேசும்போது 'வந்தா', 'போனா', 'சொன்னா' என்று முடியும் சொற்களில் ஐந்தைப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஆளை மாற்றிச் சொல்லிப் பார்த்து, 'ல்' போட வேண்டுமா 'ள்' போட வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். 'ல்' என்று வந்தவற்றுக்கு 'உம்' சேர்த்து, பின்பாதியைப் பொருத்தமாக மாற்றி எழுதுங்கள். மறுநாள் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது கடிதத்தைச் சொல்லாமல் போனால் பெரியம்மா என்னை மன்னிக்கமாட்டார். அது மார்கழி மாதக் கடைசியில் வந்தது. வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். நான் வாசித்தேன், "லீவு கிடைக்காவிட்டாலும் பொங்கலுக்கு வருவேன்."

பெரியம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. "தம்பி, அந்த 'லும்' எங்கேடா இருக்கு? விரலை வைச்சுக் காட்டு" என்றார். காட்டினேன். அந்த இடத்தில் தம் விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.